மறுத்த வேலையை இப்போது ஏற்க நினைக்கிறேன். எப்படிக் கேட்பது?

மேகலா_வி

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு நிறுவனத்தில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் டீம் லீட் வேலைக்கு ஆஃபர் வந்தது. மூன்று சுற்று நேர்காணல் முடிந்து, சம்பளமும் பேசி முடித்திருந்தோம். ஆஃபர் லெட்டர் வந்த அதே வாரம் அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை. அந்த வேலை வேறு ஊரில், தினமும் அலுவலகம் போக வேண்டும். அப்பாவோடு இருந்தது நான் மட்டும்தான். அதனால் 'தனிப்பட்ட காரணங்களால் ஏற்க இயலவில்லை, மன்னிக்கவும்' என்று மேனேஜருக்கும் ஹெச்.ஆருக்கும் மெயில் போட்டு மறுத்துவிட்டேன்.

இப்போது நிலைமை வேறு. அண்ணன் குடும்பம் அப்பாவோடு வந்து தங்கிவிட்டது. வேலையையும் இங்கேயே மாற்றிக்கொண்டான், குழந்தைகளைப் பள்ளியிலும் சேர்த்தாயிற்று. அப்பா வாக்கர் இல்லாமல் நடக்கிறார். அந்த வேலை இன்னும் மனதில் இருக்கிறது.

மெயில் எழுதி வைத்திருக்கிறேன், அனுப்பவில்லை. 'நேற்று வேண்டாம், இன்று வேண்டும் என்கிறாளே' என்று நினைத்துவிடுவார்களோ என்று தயக்கம். இதுதான் மெயில்:

'வணக்கம் சார். எப்படி இருக்கிறீர்கள்? கடந்த மாதம் உங்கள் ஆஃபரை மறுத்ததற்கு மீண்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அதன் பிறகு நன்றாக யோசித்துப் பார்த்ததில், இது என் வளர்ச்சிக்கு நல்ல வாய்ப்பு என்று தோன்றுகிறது. இன்னும் வாய்ப்பு இருந்தால், முடிந்தால், மீண்டும் பேசலாமா என்று அறிய விரும்புகிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்.'

அனுப்பலாமா?

தேன்மொழி

கவலைப்படாதீர்கள் சகோதரி. ஒருமுறை நிராகரித்தால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க விடுவார்கள். என் தங்கைக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அதற்குள் ஏதாவது சான்றிதழ் படிப்பு முடித்துவிட்டுப் போடுங்கள்.

மேகலா_வி

அக்கா, அவர்கள் என்னை நிராகரிக்கவில்லை. நான்தான் மறுத்தேன்.

தேன்மொழி

ஐயோ, சரியாகப் படிக்கவில்லை. அப்படியானால் நீங்கள் தைரியமாகவே கேட்கலாமே!

கணக்குப்பிள்ளை

ஆஃபர் லெட்டரில் 'இந்தத் தேதி வரை செல்லும்' என்று போட்டிருப்பார்களே, பாருங்கள். அந்தத் தேதி தாண்டவில்லை என்றால் பிரச்சினையே இல்லை. கையெழுத்துப் போட்டு ஸ்கேன் பண்ணி அனுப்பிவிடுங்கள். அவர்களே எழுத்தில் கொடுத்த கெடு, அதை அவர்கள் மதித்துத்தான் ஆக வேண்டும்.

மேகலா_வி

பார்த்தேன். மாதக் கடைசி வரை தேதி இருக்கிறது. அப்படி அனுப்பலாமா? கேட்கவே நிம்மதியாக இருக்கிறது.

வாதி_பிரதிவாதி

தயவுசெய்து அப்படி அனுப்பாதீர்கள். கணக்குப்பிள்ளை பாதி சரி. பதில் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தத் தேதி வரை ஆஃபர் உயிரோடு இருந்திருக்கும். மறுப்பு அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததுமே அது முடிந்துபோயிற்று.

இங்கிலாந்தில் 1840-இல் Hyde v Wrench என்று ஒரு வழக்கு. ஒருவர் தன் பண்ணையை 1,000 பவுண்டுக்குத் தருவதாகச் சொன்னார். வாங்க வந்தவர் 950 என்றார். விற்பவர் மாட்டேன் என்றதும், 'சரி, நீங்கள் சொன்ன 1,000-க்கே எடுத்துக்கொள்கிறேன்' என்றார் வாங்க வந்தவர். செல்லாது என்றது நீதிமன்றம். அவர் 950 கேட்டபோதே முதல் வாக்கு விழுந்துவிட்டது, பிறகு அதை அவரே தூக்கி நிறுத்த முடியாது என்பது காரணம். பேரம் பேசியதற்கே அந்தக் கதி. மேகலா வெளிப்படையாகவே மறுத்திருக்கிறார். ஜெர்மனியின் சிவில் சட்டத்திலும் மறுத்தால் வாக்கு முடிந்தது என்றுதான் எழுதியிருக்கிறது. நாட்டுக்கு நாடு விவரம் மாறலாம், ஆனால் லெட்டரில் தேதி மிச்சம் இருப்பதை நம்பி இறங்காதீர்கள்.

கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அவர்கள் கண்ணில் அது ஒரு விண்ணப்பம் மட்டும்தான். அதையும் உரிமை கேட்பது போல அனுப்பியிருப்பீர்கள்.

கணக்குப்பிள்ளை

அப்படியா? தேதி வரை கட்டுப்பட்டவர்கள் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

சுந்தர்_88

எனக்கு ஒரு யோசனை. வேண்டாம் என்று சொல்லிப் போனவர் திரும்பி வந்தால் மவுசு கூடும். இந்த முறை பத்து சதவீதம் சேர்த்துக் கேளுங்கள். வேறு ஒரு ஆஃபர் இருக்கிறது என்று சும்மா சொல்லிப் பாருங்கள்.

பழைய_ஹெச்ஆர்

சுந்தர் சொன்னதைச் செய்தால் இந்த இழையே தேவைப்படாது, அங்கேயே கதை முடிந்துவிடும். மேகலா மறுத்தது சம்பளத்துக்காகத்தான், குடும்பக் காரணம் சாக்கு என்று ஆகிவிடும்.

நான் பல வருடம் ஆள் எடுக்கும் வேலையில் இருந்தவன். நீங்கள் மறுத்ததும் அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன், அது தெரிந்தால் மெயில் எப்படி எழுதுவது என்பது தானாகப் புரியும்.

மறுப்பு வந்ததும் ரெக்ரூட்டர் உங்கள் பெயருக்கு எதிரே 'ஆஃபர் மறுக்கப்பட்டது' என்று குறித்து, ஒரு காரணத்தைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பார். சம்பளம், பழைய கம்பெனியே கூட்டிக் கொடுத்தது, இடம், தனிப்பட்டது, இப்படி நாலைந்து இருக்கும். உங்களுக்கு 'தனிப்பட்டது' என்று போட்டிருப்பார். அடுத்து, இரண்டாவதாக வந்தவரைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே. அவர் சரி என்றால் ஆள் எடுத்தாயிற்று என்று கணக்கு. ஆனால் அவருக்கும் நோட்டீஸ் பீரியட் இருக்கும். அவர் வந்து சேரும் வரை அந்த நாற்காலி காலியாகத்தான் இருக்கும். அந்த இடைவெளியில் மனம் மாறி வராமல் போகிறவர்கள் நிறையப் பேர். அதனால் 'இத்தனை நாளில் நிரப்பியிருப்பார்கள்' என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டாவது ஆளும் கிடைக்கவில்லை என்றால் இன்னும் நல்லது. நேர்காணல் குறிப்புகள் அப்படியே இருக்கும். பழைய லெட்டர் உயிர்பெறாது, புது லெட்டர் போடுவார்கள், சில இடங்களில் அதற்கு மறுபடி அப்ரூவலும் வேண்டும். இது மேனேஜருக்கு வேலைதான். அந்த வேலையை ஒருமுறை வேண்டாம் என்ற ஆளுக்காகச் செய்யலாமா என்பதுதான் அவர் யோசிக்கப்போகும் விஷயம்.

நீங்கள் பதிலை மாற்றிக்கொண்டதில் அவருக்கு வருத்தம் இருக்காது. மறுபடியும் கைவிட்டுவிடுவீர்களோ என்பதுதான் அவர் பயம். உங்கள் மெயில் அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். இப்போது எழுதியிருக்கும் மெயில் பயத்தைக் கூட்டுகிறது.

மேகலா_வி

சார், எந்த இடத்தில் கூட்டுகிறது? பணிவாகத்தானே எழுதியிருக்கிறேன்?

பழைய_ஹெச்ஆர்

பணிவுக்குக் குறைவில்லை. சிக்கல், 'நன்றாக யோசித்துப் பார்த்ததில்' என்ற வரியில். முதலில் யோசித்து மறுத்தீர்கள், இப்போது யோசித்து வருகிறீர்கள், அடுத்த மாதம் யோசித்தால் என்ன ஆகும்? நடந்தது அதுவா? உங்கள் விருப்பம் அன்றும் இன்றும் ஒன்றுதான். மாறியது வீட்டு நிலைமை. மெயிலைப் படித்தால் வீட்டில் எதுவும் மாறிய மாதிரியே தெரியவில்லை, உங்கள் மனம்தான் மாறியது போலிருக்கிறது.

அப்புறம் 'மீண்டும் பேசலாமா'. எதைப் பேச? சம்பளமா, பொறுப்பா? எல்லாம் பேசி முடித்த விஷயம். அதே நிபந்தனைக்கு வருகிறீர்களா, இல்லையா என்று அவர் திருப்பிக் கேட்கும்படி விடாதீர்கள். எந்த நாளில் சேர முடியும் என்றும் இல்லை. மன்னிப்பு இரண்டு இடத்தில் இருக்கிறது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது வேலையை மறுத்ததற்கு எதற்கு மன்னிப்பு?

மாற்றுவதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும். மூன்றாம் மாதம் அப்பாவுக்கு மறுபடி முடியாமல் போனால் என்ன செய்வீர்கள்? மேனேஜர் கண்டிப்பாக இதைக் கேட்பார், வாய்விட்டுக் கேட்காவிட்டாலும் மனதுக்குள்.

மேகலா_வி

அண்ணனும் அண்ணியும் இனி அங்கேதான். அவசரம் என்றால் நான் விடுப்பில் போய் வருவேன், வேலையை விட வேண்டியிருக்காது. இதை மெயில் எழுதும்போது யோசிக்கவில்லை, ஆனால் ஆஃபர் வந்தால் அன்றைக்கே கையெழுத்துப் போடுவேன். அதில் சந்தேகம் இல்லை.

பழைய_ஹெச்ஆர்

அப்படியானால் எழுதலாம். அன்றைக்கே கையெழுத்துப் போடத் தயாராக இல்லாதவர்கள் இந்த மெயிலை எழுதக்கூடாது. 'இருக்கிறதா' என்று கேட்டு, 'இருக்கிறது' என்று பதில் வந்ததும் இரண்டு நாள் அவகாசம் கேட்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு அந்தக் கதவு மூடியது.

இரவுப்பறவை

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். என் கதையும் இதே மாதிரிதான். நான் மறுத்ததற்குக் காரணம் பழைய கம்பெனியில் சம்பளத்தைக் கூட்டியதும், சீக்கிரம் பதவி உயர்வு என்று வாய் வார்த்தை கொடுத்ததும். பதவி உயர்வு வரவே இல்லை. இப்போது அந்தப் புது கம்பெனிக்கு எழுதலாமா? நானும் 'சூழல் மாறியது' என்று போட்டுவிடலாமா?

பழைய_ஹெச்ஆர்

உங்களுடையது கஷ்டம். மேகலாவைத் தடுத்தது வெளியிலிருந்து வந்த ஒன்று, அது இப்போது இல்லை. நீங்கள் இரண்டையும் எடை போட்டு அவர்களை விட்டு மற்றதைத் தேர்ந்தெடுத்தீர்கள். பட்டியலில் உங்கள் காரணமும் குறிக்கப்பட்டிருக்கும். இப்போது சூழல் மாறியது என்று பொதுவாக எழுதினால், அங்கே கிடைக்கவில்லை, அதனால் இங்கே வருகிறார் என்றுதான் படிப்பார்கள். உண்மையும் அதுதானே.

எழுதக்கூடாது என்று சொல்லவில்லை. மழுப்பாமல் எழுதுங்கள். பதவி உயர்வு வாக்குக்காக அங்கேயே தங்கினேன், அது நடக்கவில்லை, இனி சம்பளத்தைக் கூட்டினாலும் தங்கப்போவதில்லை என்று. அவர்கள் கேட்கப்போகும் கேள்வி அந்தக் கடைசிப் பகுதிதான்.

இரவுப்பறவை

கடைசி வரியை என்னால் மனசாரச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. நிறையக் கூட்டினால் தங்கிவிடுவேன் போல.

பழைய_ஹெச்ஆர்

அப்படியென்றால் இப்போது எழுதாதீர்கள்.

கணக்குப்பிள்ளை

மெயிலை விட போன் பண்ணுவது நல்லது இல்லையா? குரலைக் கேட்டால் உறுதி தெரியும். மெயில் என்றால் பத்தோடு பதினொன்றாகக் கிடக்கும்.

பழைய_ஹெச்ஆர்

நான் மெயில் பக்கம். போனில் திடீரென்று கேட்டால் மேனேஜருக்கு இரண்டாவது ஆளின் நிலைமை கையில் இருக்காது, ஹெச்.ஆரிடம் கேட்டால்தான் தெரியும். அந்த இடத்தில் வாய்க்கு வருவது 'இல்லைங்க, முடிந்துவிட்டது' என்பதுதான். மெயில் என்றால் விசாரித்துவிட்டுப் பதில் சொல்வார்.

வாதி_பிரதிவாதி

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. மேனேஜரோடு நன்றாகப் பழக்கம் இருந்தால் முதலில் இரண்டு நிமிடம் பேசிவிட்டு, 'விவரத்தை மெயிலில் அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்' என்று முடிக்கலாம். அவரிடம் அந்த இடத்திலேயே பதில் கேட்காவிட்டால் சரி.

பழைய_ஹெச்ஆர்

அதுவும் நடக்கும். ஆளைப் பொறுத்தது. மேகலா, இன்னொன்று. இந்த வேலைக்கு நேரடியாகப் போனீர்களா, கன்சல்டன்சி வழியாகவா?

மேகலா_வி

கன்சல்டன்சி வழியாகத்தான். ஆனால் இரண்டாவது சுற்றுக்குப் பிறகு எல்லாம் மேனேஜரோடு நேரடியாகத்தான்.

பழைய_ஹெச்ஆர்

அப்படியானால் முதலில் கன்சல்டன்சிக்காரரிடம் சொல்லிவிடுங்கள். உங்களை அறிமுகப்படுத்தியவர் அவர். குறிப்பிட்ட காலத்துக்குள் எப்படிச் சேர்ந்தாலும் அவருக்குக் கமிஷன் உண்டு என்று இந்த மாதிரி ஒப்பந்தங்களில் இருக்கும், பல இடங்களில் ஒரு வருடம் வரைகூட. அவரைத் தாண்டிப் போனால் கம்பெனிக்கும் அவருக்கும் தகராறு வரும், அந்தத் தலைவலியோடு உங்கள் பெயர் வரும். அவரிடம் சொல்லிவிட்டு, மேனேஜருக்கு நேரடியாக எழுதி, அவரையும் ஹெச்.ஆரையும் நகலில் வையுங்கள். இடம் காலியா என்று அவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கவும் வாய்ப்புண்டு.

மெயில் இப்படி இருக்கலாம். உங்கள் வார்த்தைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்:

'வணக்கம். கடந்த மாதம் டீம் லீட் பணிக்கான உங்கள் ஆஃபரை, அப்பாவின் அறுவை சிகிச்சை காரணமாக மறுத்திருந்தேன். அவர் இப்போது நன்றாக நடக்கிறார். என் அண்ணன் குடும்பம் அவருடன் நிரந்தரமாகத் தங்கிவிட்டதால், நான் ஊர் மாறுவதில் இனி தடை இல்லை. அந்தப் பணி இன்னும் நிரப்பப்படாமல் இருந்தால், நாம் பேசி முடித்த அதே சம்பளத்திலும் நிபந்தனைகளிலும் சேர விரும்புகிறேன். எனக்கு 30 நாள் நோட்டீஸ் பீரியட். ஆஃபர் கிடைத்த அன்றே கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு ராஜினாமா கொடுப்பேன். வேறொருவரை எடுத்திருந்தால் ஒரு வரி பதில் போதும், புரிந்துகொள்வேன்.'

இருப்பது இவ்வளவுதான். நோட்டீஸ் பீரியட் வேறு என்றால் மாற்றுங்கள், குறைத்து மட்டும் போடாதீர்கள். புது லெட்டர் கையில் வரும் வரை இருக்கும் வேலையில் ராஜினாமா கொடுக்காதீர்கள், அவர்கள் போனில் 'வாங்க, எடுத்துக்கிறோம்' என்றாலும்.

தேன்மொழி

அப்பாவின் உடல்நிலையை எல்லாம் எழுத வேண்டுமா? பெண்கள் குடும்பக் கஷ்டம் என்று எழுதினாலே, இவளுக்கு எப்போதும் வீட்டுப் பிரச்சினை என்று முத்திரை குத்துவார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

பழைய_ஹெச்ஆர்

நியாயமான பயம்தான். ஆனால் காரணம் சொல்லாவிட்டால் அது தீர்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. முதல் மெயிலில் 'தனிப்பட்ட காரணம்' என்று மட்டும் இருந்ததால், அவர்களாக எதையாவது ஊகித்திருப்பார்கள். ஒரு வாக்கியம் போதும் என்பது என் எண்ணம்.

வாதி_பிரதிவாதி

நான் தேன்மொழி பக்கம். 'குடும்பத்தில் ஒருவரின் மருத்துவத் தேவை இருந்தது, அது முடிந்துவிட்டது' என்றாலே போதும். யார், என்ன சிகிச்சை என்பது அவர்களுக்குத் தேவையில்லை.

மேகலா_வி

அப்பா என்றே எழுதுகிறேன். மேனேஜருக்கு அந்த வாரமே ஓரளவு தெரியும். கன்சல்டன்சியில் இப்போதுதான் பேசினேன். 'இடம் பற்றி என்னிடம் தகவல் இல்லை, அனுப்புங்கள்' என்றார். அனுப்பிவிட்டேன்.

சுந்தர்_88

பத்து சதவீதம் போட்டீர்களா இல்லையா? 😄

மேகலா_வி

போடவில்லை சுந்தர்.

மேகலா_வி

பதில் வந்துவிட்டது. இரண்டாவது ஆள் ஏற்றுக்கொண்டு அடுத்த மாதம் சேர்கிறாராம். 'நேரடியாகச் சொன்னதற்கு நன்றி' என்று மேனேஜர் எழுதியிருந்தார். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். மாலையில் ஹெச்.ஆர். கூப்பிட்டு, இன்னொரு பிரிவில் சீனியர் அனலிஸ்ட் இடம் இருக்கிறது, பார்க்கிறீர்களா என்று கேட்டார். லீட் பொறுப்பு கிடையாது, சம்பளமும் குறைவு. ஒரே ஒரு சுற்று நேர்காணல் இருக்குமாம்.

எனக்கு அதில் அவ்வளவாக விருப்பம் இல்லை. ஆனால் நானாகப் போய்க் கேட்டுவிட்டு இதையும் வேண்டாம் என்றால், இரண்டாம் முறையும் மறுத்தவள் ஆகிவிடுவேனே?

பழைய_ஹெச்ஆர்

ஆக மாட்டீர்கள். நீங்கள் கேட்டது டீம் லீட் வேலையை, 'அந்தப் பணி' என்றுதான் எழுதினீர்கள். இது வேறு வேலை. நேர்காணலுக்கு முன்பே மறுத்தால் யாருக்கும் நேரம் வீணாகாது. போய், ஆஃபர் வரை வந்த பிறகு மறுத்தால்தான் கணக்கில் ஏறும். இரண்டாவது ஆள் சேராமல் போனால் தகவல் சொல்லுங்கள் என்று ஒரு வரி சேர்த்து மறுத்துவிடுங்கள்.

வாதி_பிரதிவாதி

நான் என்றால் உடனே மறுக்க மாட்டேன். அந்தப் பிரிவில் லீட் இடம் எப்போது திறக்கும், உள்ளிருந்து எடுப்பார்களா என்று ஹெச்.ஆரிடம் கேட்பேன். உள்ளே போய்விட்டால் அடுத்த வாய்ப்பு பக்கத்தில் இருக்கும்.

இரவுப்பறவை

'சீக்கிரம் பதவி உயர்வு' என்று வாயால் சொன்னதை நம்பி இருந்தவன் நான். எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள்.

பழைய_ஹெச்ஆர்

எழுத்தில் தர மாட்டார்கள். ஆனால் கடைசியாக அந்தப் பிரிவில் லீட் ஆனவர் உள்ளிருந்து வந்தவரா, வெளியிலிருந்து வந்தவரா என்று கேட்டால் பதில் சொல்வார்கள்.

மேகலா_வி

அதை நாளைக் காலை கேட்கிறேன். நேர்காணலுக்குச் சரி என்று இன்னும் சொல்லவில்லை.

தேன்மொழி

கேட்டுவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள் மேகலா. அப்பாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.